ஒரே ஃபிளாட், இரண்டு மொழி விளம்பரம்: எப்படி எழுதுவது?

கேள்வி: நங்கநல்லூரில் எங்கள் 2BHK ஃபிளாட்டை வாடகைக்கு விட வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அதையே தமிழில் மாற்றிக் கீழே சேர்த்தேன். தமிழில் படித்தவர்கள் "இது என்ன தமிழ்?" என்கிறார்கள். ஆங்கிலத்தில் படித்த வெளியூர்க்காரர்கள் ஃபோன் செய்து எல்லாவற்றையும் மறுபடி கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் இயல்பாக இருக்கும்படி எப்படி எழுதுவது?

பதில்:

ஒன்றிலிருந்து இன்னொன்றை மொழிபெயர்த்ததுதான் கோளாறு. அப்படிச் செய்தால் இரண்டுமே கெடும். தமிழ்ப் பகுதி ஆங்கிலத்தின் நிழலாக நிற்கும். ஆங்கிலப் பகுதியோ சென்னைக்காரருக்கு மட்டுமே புரியும் சொற்களில் நிற்கும். எழுத உட்காரும் முன் ஒரு தாளில் வீட்டைப் பற்றிய செய்திகளை மட்டும் வரிக்கு ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியம் வேண்டாம், வெறும் செய்தி போதும்: எத்தனையாவது மாடி, வாசல் எந்தத் திசை, வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கார் எங்கே நிற்கும், என்றிலிருந்து குடிவரலாம். இரண்டு மொழியையும் அந்தத் தாளைப் பார்த்துத் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை எழுதும்போது மற்றது கண்ணில் படக்கூடாது.

படிப்பவர் யார் என்பதை அடுத்து நினைத்துக்கொள்ளுங்கள். நங்கநல்லூர் வீட்டு விளம்பரத்தை ஆங்கிலத்தில் படிப்பவர் பெரும்பாலும் லண்டன்காரர் அல்ல. ஹைதராபாத், கொச்சி, புனே, டெல்லி பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். அவருக்கு லிஃப்ட், கீசர், லட்சம் எல்லாம் தெரியும். சென்னையில் மட்டும் புழங்கும் வழக்கங்கள்தான் தெரியாது. தமிழில் படிப்பவர் பல நேரம் வீட்டுக்குப் பெரியவர். மகனோ மகளோ ஆங்கிலத்தில் பார்த்து அனுப்பியதை அப்பா, அம்மா தமிழில் படித்து முடிவு சொல்வார்கள். ஆகவே ஒரே குடும்பம் இரண்டு பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். அதிகக் குழப்பம் அங்கேதான் வருகிறது.

'லீஸ்' என்ற சொல்லை ஆங்கிலப் பகுதியில் எழுதவே எழுதாதீர்கள். சென்னையில் வீடு லீஸுக்கு என்றால் போக்கியம். ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவது அது. தென் மாவட்டங்களில் அதையே ஒத்தி என்பார்கள். வெளி மாநிலத்துக்காரருக்கு அதே சொல் சாதாரண வாடகை ஒப்பந்தம்தான். "11 மாத லீஸ்" என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதினால், உள்ளூர்க்காரர் "எத்தனை லட்சம்?" என்று கேட்டு ஃபோன் செய்வார். மாத வாடகை என்றால் இரண்டு மொழியிலும் 'மாத' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். அந்த ஒரு சொல் பாதி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

'அட்வான்ஸ்' இதற்கு நேர் எதிரான சிக்கல். தமிழ்ப் பகுதியில் அட்வான்ஸ் என்றே எழுதுங்கள். முன்பணம், வைப்புத்தொகை, காப்புத்தொகை என்றெல்லாம் மாற்றினால் வாசிப்பவர் நின்று யோசிப்பார். ஆங்கிலப் பகுதியில் அதையே தனியாக எழுதினால், வெளியூர்க்காரர் முதல் மாத வாடகையை முன்கூட்டிக் கட்டுவது என்று நினைக்கலாம். அங்கே 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என்று எழுதி, இங்கே அதை அட்வான்ஸ் என்பார்கள் என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். தரகரும் அக்கம்பக்கத்தாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள், அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தொகையை மாதக் கணக்கில் சொல்லாமல் ரூபாயில் சொல்லுங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகை என்கிறது. எனவே 'வழக்கமான அட்வான்ஸ்' என்று எழுதினால் ஒருவர் மூன்று என்று நினைப்பார், ஒருவர் பத்து என்று நினைப்பார். வாடகை 22,000, அட்வான்ஸ் 66,000 என்று எண்ணில் எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் இரண்டு மொழியிலும் எழுதுங்கள். உள்ளூர்க்காரர் அதை எதிர்பார்த்தே வருவார். வெளியூர்க்காரருக்கு அது கடைசி நாளில் வந்து விழும் அதிர்ச்சி. 66,000 கொடுத்தவர் 44,000 வாங்கிக்கொண்டு போகும்போது, விளம்பரத்தில் 'முழுதும் திரும்பக் கிடைக்கும்' என்று நீங்கள் எழுதியிருந்தது அவர் ஃபோனில் இருக்கும்.

வாடகை பேசுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்லைட்லி நெகோஷியபிள்' என்றால் ஐந்நூறு, ஆயிரம் குறையலாம் என்று பொருள். தமிழில் 'வாடகை பேசிக்கொள்ளலாம்' என்று எழுதினால் கதவு அகலத் திறந்துவிடும். 22,000-க்கு 18,000 கேட்பார்கள், கேட்பவர் மேல் தவறும் இல்லை. குறைக்க மனமிருந்தால் 'நேரில் வந்து வீட்டைப் பார்த்தபின் கொஞ்சம் பேசலாம்' என்று எழுதுங்கள். மனமில்லாவிட்டால் இரண்டு மொழியிலும் அதைப் பற்றிப் பேசாமல் விடுங்கள்.

மின்சாரத்தை 'ஈபி தனி' என்று எழுதினால் உள்ளூரில் புரியும். ஆனால் தனி மீட்டரா, அல்லது வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து வாங்குவாரா என்பது அதில் தெரியாது. உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் 'தனி மீட்டர், பில் வந்தபடி கட்டினால் போதும்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில், பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் என்பதையும் சேருங்கள். மாதாமாதம் கட்டிப் பழகியவர்கள் முதல் பில்லைப் பார்த்து மீட்டரில் ஏதோ கோளாறு என்று பதறிவிடுகிறார்கள்.

இனி வீட்டைச் சொல்லும் சொற்கள். நேர் மொழிபெயர்ப்பு இங்கேதான் கண்ணை உறுத்தும்.

'கவர்டு கார் பார்க்கிங்' என்பதை 'மூடிய கார் நிறுத்துமிடம்' என்று எழுதினால், தமிழில் அது பூட்டிக் கிடக்கும் இடம். மழை, வெயில் படாத இடம் என்பதுதானே சொல்ல வந்தது? 'கட்டடத்துக்கு அடியில் ஒரு கார் நிறுத்தலாம்' என்றால் முடிந்தது. 'ஈஸ்ட் ஃபேசிங்' என்பது 'கிழக்கை எதிர்கொள்ளும்' அல்ல, 'கிழக்கு பார்த்த வாசல்'. இதில் சொல்லைவிடப் பொருள் முக்கியம். கட்டடம் கிழக்கு பார்த்திருக்கும், உங்கள் ஃபிளாட்டின் கதவோ வடக்கு பார்த்திருக்கும். தமிழில் படிப்பவர் தலைவாசலைத்தான் நினைப்பார். திசைகாட்டியை வாசலுக்குள் நின்று வெளியே பார்த்தபடி பிடித்துச் சரிபார்த்துவிட்டு, 'தலைவாசல் கிழக்கு பார்த்தது' என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலும் கட்டடம் என்று சொல்லாமல் ஃபிளாட்டின் கதவு என்றே சொல்லுங்கள். இது தவறாக இருந்தால், வந்தவர் படியேறிக் கதவைப் பார்த்ததும் திரும்பிவிடுவார், உங்கள் மாலையும் அவர் மாலையும் வீண்.

'செமி ஃபர்னிஷ்டு' என்ற சொல்லை இரண்டு மொழியிலும் கைவிடுவது நல்லது. ஒருவருக்கு அது ஃபேனும் லைட்டும், இன்னொருவருக்குக் கட்டிலும் ஃபிரிட்ஜும். தமிழில் அதற்குச் சொல்லும் இல்லை. 'பாதி அலங்கரிக்கப்பட்ட வீடு' என்று ஒருவர் எழுதினால், மீதியை யார் அலங்கரிப்பது என்றுதான் கேட்கத் தோன்றும். என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று பெயர் சொல்லுங்கள். 'இல்லை' என்ற பட்டியல் இன்னும் உதவும். கட்டில், ஃபிரிட்ஜ், ஏசி கிடையாது என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கேள்வியே வராது.

மாடிக் கணக்கில் தமிழுக்குச் சிக்கல் குறைவு. 'இரண்டாவது மாடி' என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள கட்டடத்தில் தரைத்தளத்தை எண்ணுவதா என்ற சந்தேகம் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு வரும். கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி, அதில் இரண்டாவது என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். 'மொட்டை மாடி' என்பதை அழகான தமிழ் என்று 'திறந்த மேல்தளம்' ஆக்க வேண்டாம். துணி உலர்த்த, வடகம் காயப்போட மொட்டை மாடி உண்டா என்றுதான் கேட்பார்கள்.

பரப்பளவை ஒரே அளவில் சொல்லுங்கள், அதுவும் சுவருக்கு உள்ளளவை. பில்டர் தாளில் 960 சதுர அடி என்றிருக்கும். அதில் படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைவழி ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கலாம். உள்ளே அளந்தால் 740 வரும். கார்ப்பெட் ஏரியா என்பதை 2016 ரெரா சட்டம் தெளிவாகவே வரையறுக்கிறது: உள் சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. வாடகைக்கு வருபவர் அந்த 740-இல்தான் கட்டிலைப் போடப்போகிறார். தமிழில் 'தரைவிரிப்புப் பரப்பு' என்று எழுதிவிடாதீர்கள். 'சுவருக்கு உள்ளளவு' என்றால் யாருக்கும் புரியும்.

தண்ணீரைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் கூடுதலாக ஒரு வரி வேண்டும். சென்னையில் வீடு பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. '24 மணி நேரத் தண்ணீர் வசதி' என்பது எதையும் சொல்லவில்லை. போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா, போர் தண்ணி உப்பா, நல்ல தண்ணி சமையலறைக் குழாயில் வருகிறதா, கீழே பிடித்து வர வேண்டுமா என்பதே கேள்வி. வெளியூர்க்காரருக்கு மெட்ரோ வாட்டர் என்றால் மெட்ரோ ரயில்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது மாநகரக் குடிநீர் என்று புரியும்படி எழுதுங்கள்.

எந்தச் சொல்லைத் தமிழாக்குவது, எதை அப்படியே விடுவது? வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது வாயில் வருவதுதான் அளவுகோல். லிஃப்ட், ஹால், பாத்ரூம், பால்கனி, கீசர் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம். 'மின்தூக்கி' என்பதை அரசு அலுவலகப் பலகையில் படித்துப் பழகிவிட்டோம், வீட்டு விளம்பரத்தில் அது அந்நியமாக நிற்கும். 'படுக்கையறை', 'சமையலறை', 'அலமாரி', 'பரண்' எல்லாம் உயிரோடு இருக்கும் சொற்கள், தாராளமாக எழுதுங்கள். லாஃப்ட் என்று எழுதுவதைவிடப் பரண் என்று எழுதினால் பாத்திரப் பெட்டி எங்கே வைப்பது என்ற கவலை தீரும். '2BHK' என்பதை மட்டும் ரோமன் எழுத்திலேயே விடுங்கள். தேடுபவர்கள் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

வெற்றுப் புகழ்ச்சி இரண்டு மொழியிலும் வேண்டாம். 'விசாலமான, காற்றோட்டமான, பிரதான இடத்தில் அமைந்த' என்று அடுக்கினால் எந்த வீட்டுக்கும் அது பொருந்தும். ஹாலில் இரண்டு பக்கம் ஜன்னல் என்றால் காற்று தானே வந்துவிடும். 'நடக்கும் தூரத்தில்' என்பதற்குப் பதில் 'நடந்தே போகலாம், 10 நிமிடம்' என்று எழுதுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வரைபடம் காட்டும் நேரம் ரயில்வே கேட், சாலையைக் கடக்கக் காத்திருப்பது ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

இடப்பெயர்கள் தனிக் கவனம் கேட்பவை. தமிழ்ப் பகுதியில் எழும்பூர், திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை என்று தமிழ்ப் பெயரை எழுதுங்கள். ஆங்கிலப் பகுதியில் Egmore, Triplicane, Saidapet. ஒன்றை மற்றதன் எழுத்தில் ஒலிபெயர்த்தால் தேடலில் சிக்காது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே வரைபடத்தில் தட்டினால் வரும் பழைய கூட்டலே உங்களுக்கும் சரி. உங்கள் பக்கத்து ஸ்டேஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பழவந்தாங்கல் ஆங்கிலத்தில் Pazhavanthangal, Palavanthangal என்று இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. விளம்பர உடலில் ஒன்றையும், குறிச்சொற்களில் மற்றதையும் வைத்தால் இருவருக்கும் கிடைக்கும். மெட்ரோவுக்கு OTA - Nanganallur Road என்று நிலையத்தின் முழுப்பெயரையும் கொடுங்கள்.

தேதியில் இரண்டு விஷயம். 05/07 என்று எழுதினால் ஜூலை 5 என்றும் படிக்கலாம், மே 7 என்றும் படிக்கலாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். இரண்டாவது, ஆடி. பல தமிழ்க் குடும்பங்கள் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள். ஜூலை நடுவில் ஆடி பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. வீடு ஜூலை 1-இல் காலியாக இருந்தால், தமிழில் 'ஆடி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளலாம்' என்று எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம் சாவி முன்னதாகக் கிடைக்கும் என்பதையும், வீட்டுக்காரர் நம் வழக்கம் தெரிந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தேவையில்லை. 'ஜூலை 1 முதல்' என்பது அங்கே போதும். இரண்டு பகுதியும் வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டியதில்லை. வாடகை, தொகை, நிபந்தனை, தேதி மட்டும் ஒரு சிறிதும் மாறக்கூடாது.

நிபந்தனை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'வெஜிடேரியன்ஸ் ப்ரிஃபர்டு' என்றும் தமிழில் 'சைவம் மட்டும்' என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். முதலாவது விருப்பம், இரண்டாவது தடை. ஆங்கிலத்தைப் படித்துவிட்டு வீடு பார்க்க வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது அநியாயம். இன்னும் மோசம், சாதி, மதம் பற்றிய குறிப்பைத் தமிழில் மட்டும் ஒளித்து வைப்பது. அது இரண்டு மொழியிலும் இருக்கக்கூடாது. 'பேச்சலர்' என்ற சொல்லும் தெளிவில்லாதது. ஆண்கள் மட்டுமா, வேலை பார்க்கும் பெண்களும் அடக்கமா, தனியாக இருக்கும் ஒருவரா, நான்கு பேர் சேர்ந்து இருப்பதா? 'குடும்பத்தினரும் வரலாம், வேலை பார்ப்பவர்கள் சேர்ந்தும் தங்கலாம், மூன்று பேர் வரை' என்று ஆளையும் எண்ணையும் சொன்னால் தெளிவு.

இனி உங்கள் வீட்டுக்கே எழுதிப் பார்ப்போம். எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதி இப்படி இருக்கலாம்:

நங்கநல்லூர் Nanganallur: 2BHK மாத வாடகைக்கு, ரூ.22,000

பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம், 10 நிமிடம். மெயின்டனன்ஸ் ரூ.2,000 தனி. அட்வான்ஸ் ரூ.66,000. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை போக மீதி திருப்பித் தரப்படும். ஜூலை 1 முதல் குடிவரலாம். ஆடி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. தலைவாசல் கிழக்கு பார்த்தது. சுவருக்கு உள்ளளவு 740 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை. பாத்ரூம் இரண்டு: படுக்கையறையோடு சேர்ந்தது வெஸ்டர்ன், பொதுவானது இந்தியன். அலமாரி, பரண், சமையலறைக் கப்போர்டு, ஃபேன், லைட், ஒரு கீசர் உள்ளன. கட்டில், ஃபிரிட்ஜ், ஏசி கிடையாது. வாஷிங் மெஷினுக்கு இடமும் குழாயும் உண்டு.

எல்லாக் குழாயிலும் போர் தண்ணி, கொஞ்சம் உப்பு. சமையலறையில் ஒரு குழாயில் மெட்ரோ வாட்டர். தனி மீட்டர். கட்டடத்துக்கு அடியில் ஒரு கார், ஒரு டூவீலர் நிறுத்தலாம். குடும்பத்தினரும் வரலாம், வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர் வரை சேர்ந்தும் தங்கலாம். புரோக்கர் கமிஷன் இல்லை. மாலை 6 முதல் 8 மணிக்குள் கூப்பிடலாம்.

அதே தாளைப் பார்த்து எழுதிய ஆங்கிலப் பகுதி:

```
2BHK flat on monthly rent, Nanganallur, Rs. 22,000
Near Pazhavanthangal station (10 min walk). From 1 July.
Maintenance Rs. 2,000 a month, extra.
Refundable deposit, called "advance" here: Rs. 66,000.
One month's rent is kept for painting when you leave.

Second of four floors above stilt parking. Lift.
740 sq ft inside the walls. Flat's main door faces east.
2 bedrooms, hall, kitchen, 2 bathrooms
(attached: western toilet; common: Indian toilet).
Wardrobes, lofts, kitchen cabinets, fans, lights, 1 geyser.
No beds, fridge or AC. Washing machine point available.

Borewell water in all taps, slightly salty.
City drinking water ("Metro Water") in one kitchen tap.
Own electricity meter, billed every two months.
Parking under the building: 1 car, 1 two-wheeler.
Families, or up to 3 working people sharing.
Direct from owner, no brokerage. Call 6 to 8 pm.
```

தமிழில் பால் காய்ச்சுவது இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் டெபாசிட் விளக்கமும் இரண்டு மாத பில்லும் இருக்கின்றன, தமிழில் அவை தேவைப்படவில்லை. உப்புத் தண்ணீரை இரண்டிலும் மறைக்கவில்லை. வந்து பார்ப்பவர் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கத்தான் போகிறார்.

அமைப்பில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: ஒரு வரி ஆங்கிலம், அதன் கீழே ஒரு வரி தமிழ் என்று மாற்றி மாற்றிப் போடுவது. இரண்டு பேருமே ஒவ்வொரு இரண்டாவது வரியையும் தாண்டிப் படிக்க வேண்டியிருக்கும். முழுத் தமிழும் ஒரு பகுதி, முழு ஆங்கிலமும் ஒரு பகுதி என்று பிரித்து வையுங்கள். தலைப்பில் மட்டும் ஊர்ப் பெயரை இரண்டு எழுத்திலும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி சில வரிகளுக்குப் பின் மடிந்துவிடும். அதனால் ஊர், 2BHK, மாத வாடகை, தொகை நான்கும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த தளங்களில் தமிழ்த் தலைப்பு எதிர்பாராமல் வெட்டுப்படும். 'நங்கநல்லூர்' நமக்கு ஏழு எழுத்து. கணினி புள்ளியையும் 'லூ'வில் உள்ள உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பதினொன்று. குறுஞ்செய்தியாக அனுப்பினால், வெறும் ஆங்கிலத்துக்கு 160 இடம் கிடைக்கும். ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். ஆகவே குறுஞ்செய்தியில் இரண்டு மொழியையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள்.

தெருமுனையில் ஒட்ட நோட்டீஸ் அச்சடிப்பதானால், கடைக்காரருக்கு யூனிகோடு எழுத்தாகவே அனுப்பி, அச்சுக்கு முன் மாதிரிப் பிரதி கேளுங்கள். சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ் ஒட்டினால் கொம்பு எழுத்தின் முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், 'ஹொ', 'கே' போன்றவை உடையும். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது 'ஃ' காணாமல் போவதும் உண்டு. 'ஃபிளாட்', 'லிஃப்ட்' என்ற இரண்டு சொற்களை மட்டும் மாதிரியில் பார்த்தாலே அது தெரிந்துவிடும். விளம்பரத்தைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. படம் போட்டாலும் கீழே எழுத்தாகவும் ஒட்டுங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ்ப் பகுதியை மட்டும் ஒருவரிடமும், ஆங்கிலப் பகுதியை மட்டும் தமிழ் தெரியாத இன்னொருவரிடமும் கொடுங்கள். படித்ததும் தாளை வாங்கிக்கொண்டு ஐந்தே கேள்வி கேளுங்கள். குடிவர முதல் நாள் கையில் எவ்வளவு பணம் வேண்டும்? போகும்போது எவ்வளவு திரும்பும்? குடிக்கத் தண்ணீர் எங்கே? கார் எங்கே நிற்கும்? யார் வரலாம்? மேலே உள்ள எண்களின்படி, வாடகையும் மெயின்டனன்ஸும் முன்கூட்டியே வாங்குவதானால், முதல் கேள்விக்கு இருவரும் 90,000 என்று சொல்ல வேண்டும். ஒருவர் 88,000 என்றால், மெயின்டனன்ஸ் தனி என்பது அந்த மொழியில் சரியாக ஏறவில்லை. அந்த வரியைத் திருத்துங்கள், விளக்கத்தை நீட்டாதீர்கள்.

வெளியிட்ட பிறகு வாடகையை ஆயிரம் குறைத்தால், முதலில் குறிப்புத் தாளைத் திருத்துங்கள், பிறகு இரண்டு பகுதியையும் ஒரே அமர்வில் மாற்றுங்கள். அட்வான்ஸும் சேர்ந்து மாறும்: 21,000 என்றால் 63,000. தலைப்பிலும் அந்த எண் இருக்கிறது, பலர் மறப்பது அதைத்தான்.